இறாலின் குடல் நீக்கமும் ஒரு நிமிடக் கணக்கும்

இறாலின் உடல் அமைப்பைத் தெரிந்துகொண்டால், அதைச் சுத்தம் செய்வதில் எங்கே கத்தி வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பது தானே விளங்கிவிடும். தலையும் மார்பும் சேர்ந்து ஒரே ஓட்டுக்குள் அடங்கிய முன்பகுதியில் இரைப்பையும், இதயமும், கல்லீரல் கணையம் இரண்டின் வேலையையும் ஒன்றாகச் செய்யும் பழுப்பு நிறச் சுரப்பி ஒன்றும் இருக்கின்றன. அதற்குப் பின்னால் ஆறு கண்ணிகளாக நீளும் வால்பகுதி ஏறத்தாழ முழுவதும் தசையே. உண்ணப்படுவது இந்தத் தசை. முன்பகுதியிலிருந்து புறப்பட்டு, இந்தத் தசையின் முதுகுப்புறத்தில், மேற்பரப்புக்குச் சற்றே கீழாக ஓடி, வால் நுனியில் முடிகிற மெல்லிய குழாயே இறாலின் குடல். சமையலறையில் அதைக் கறுப்பு நரம்பு என்று சொல்வது வழக்கமானாலும், அது நரம்பும் அல்ல, இரத்தக் குழாயும் அல்ல. அதன் கறுப்பு நிறம் இறால் கடைசியாகத் தின்ற சேறும் நுண்ணுயிர்களும் செரித்து மிஞ்சிய கழிவின் நிறம்.

இந்த அத்தியாயம் தமிழகக் கடற்கரைச் சந்தைகளில் தாராளமாகக் கிடைக்கும் வெள்ளை இறாலையும், பண்ணைகளில் வளர்க்கப்படும் வன்னாமி இறாலையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. கிலோவுக்கு நாற்பது நிற்கும் அளவே இங்கே சொல்லப்படும் நேரக் கணக்குகளுக்கு அடிப்படை. அதைவிடப் பெரிய இறாலுக்கு நேரம் கூடும். பொடி இறாலுக்குப் பாதியாகக் குறையும்.

தலையும் ஓடும்

வாங்கி வந்த இறாலைச் சமைப்பதற்குச் சில மணி நேரம் ஆகும் என்றால், முதலில் செய்ய வேண்டியது தலையை எடுப்பது. மேலே சொன்ன பழுப்புச் சுரப்பியில் உணவைச் செரிக்கும் நொதிகள், அதாவது புரதத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் வேதிப்பொருள்கள், செறிந்திருக்கின்றன. இறால் இறந்தபின் அந்தச் சுரப்பியின் சுவர் தளர்ந்து, நொதிகள் பின்னாலுள்ள தசைக்குள் கசியத் தொடங்கும். தலைக்கு அடுத்த முதல் கண்ணியின் சதை மட்டும் விரலால் தொட்டால் மாவுபோல் குழைந்தும், மீதிச் சதை கெட்டியாகவும் இருக்கும் இறாலைப் பலர் பார்த்திருக்கக்கூடும். அதற்குக் காரணம் இந்தக் கசிவே. இப்படிக் குழைந்த சதையை எந்தச் சமையல் முறையும் மீட்டுத் தராது. ஆகவே தலையோடு வாங்கும் இறாலில் தலை உடம்போடு இறுகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை: தூக்கும்போதே தலை தொங்கினாலோ, ஓட்டுக்கும் தலைக்கும் இடையே கறுப்பு படர்ந்திருந்தாலோ, மூக்கில் ஏறும் காரமான நெடி அடித்தாலோ, அந்த இறாலை வாங்காமல் விடுவதே சரி.

தலையை வெட்ட வேண்டியதில்லை. இடக்கையால் உடலையும் வலக்கையால் தலையையும் பிடித்து, மெதுவாகத் திருகி இழுத்தால், தலை தனியாக வந்துவிடும். நல்ல புதிய இறாலாக இருந்து கை பக்குவமாகவும் இருந்தால், குடலும் தலையோடு சேர்ந்து முழுதாக உருவிக்கொண்டு வருவதுண்டு. அவசரப்பட்டு வெடுக்கென்று பிடுங்கினால் குடல் முதல் கண்ணியிலேயே அறுந்து உள்ளே நின்றுவிடும். தலையை எடுத்தபின் வயிற்றுப்புறத்தில் கால்கள் முளைத்திருக்கும் இடத்தில் கட்டைவிரலைக் கொடுத்து, முதல் மூன்று கண்ணிகளின் ஓட்டை ஒன்றாக மேல்நோக்கி விரித்து எடுத்தால், மிச்சமுள்ள ஓடு இளகிவிடும். அதன்பின் வாலின் அடியை இரு விரலால் அழுத்திப் பிடித்துச் சதையை முன்னுக்கு இழுத்தால், வாலுக்குள் ஒளிந்திருக்கும் சிறு துண்டுச் சதையும் அறுபடாமல் வெளியே வரும். வறுவலுக்கு அழகுக்காக வாலை விட்டுவைப்பவர்கள், விசிறிபோல் விரியும் இதழ்களுக்கு நடுவே கூராக நிற்கும் முள்ளை மட்டும் கிள்ளிவிட வேண்டும். அதன் அடியில் தேங்கும் நீர்தான் சூடான எண்ணெயில் பட்டவுடன் சடசடவென்று தெறிக்கிறது.

எடுத்த தலைகளையும் ஓடுகளையும் எறிந்துவிடக் கூடாது. முழு இறாலின் எடையில் ஏறத்தாழ பாதி இவற்றில் போய்விடுகிறது என்பது ஒரு காரணம்; இறாலின் மணத்தில் பெரும்பங்கு இவற்றில்தான் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். கண்ணையும் மீசையையும் கிள்ளிவிட்டு, இவற்றைத் தனியே கழுவி ஒரு கிண்ணத்தில் எடுத்து வைப்பது, பின்னால் வரும் நேரக் கணக்குக்கு நேரடியாக உதவும்.

முதுகில் ஓடும் குடல்

குடலை எடுக்காமல் உண்டால் ஆபத்து நேருமா என்ற கேள்விக்கு, நன்றாக வெந்த இறாலில் அது பொதுவாகத் தீங்கு செய்வதில்லை என்பதே விடை. ஆனாலும் அதிலுள்ள மண் பல்லில் நறநறக்கும். கழிவின் லேசான கசப்பு, இனிப்பான சதையின் சுவையை மங்கவைக்கும். எனவே பெரிய, நடுத்தர இறால்களில் எடுப்பதும், விரல் நகத்தளவு பொடி இறாலில் விட்டுவிடுவதும் நியாயமான எல்லை. உரித்த இறாலின் முதுகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுத்த கோடு எதுவும் தெரியாமல் கண்ணாடிபோல் இருக்கும் சில இறால்களில் குடல் காலியாக இருக்கிறது என்று பொருள். அவற்றைக் கீறுவது வீண் வேலை.

எடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி கீறுவது: சிறு கத்தியின் நுனியால் முதுகின் நடுவே, தலைப்பக்கத்திலிருந்து ஐந்தாம் கண்ணி வரை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் ஒரு கோடு போட்டு, தெரியும் குடலைக் கத்தி முனையால் தூக்கி, வாலை நோக்கி உருவ வேண்டும். இரண்டாம் வழி குத்தி எடுப்பது: இறாலை இரு விரலுக்கு நடுவே வளைத்துப் பிடித்து, இரண்டாம் கண்ணிக்கும் மூன்றாம் கண்ணிக்கும் இடையே, முதுகு விளிம்புக்குச் சற்றுக் கீழே, தென்னை ஈர்க்குச்சியையோ பல்குச்சியையோ பக்கவாட்டில் நுழைத்து, மெதுவாக மேலே நெம்பினால், குடல் ஒரு வளையம்போல் வெளியே எட்டிப் பார்க்கும், அதை விரலால் பற்றி, அவசரமில்லாமல் இழுத்தால், இரு பக்கமும் முழுதாக வரும். ஓட்டோடு சமைக்க வேண்டிய இறாலுக்கு இந்த இரண்டாம் வழியே பொருத்தம்.

கீறலின் ஆழம் தோற்றத்தை மட்டும் பாதிப்பதில்லை. முதுகை ஆழமாகப் பிளந்த இறால், வெப்பம் பட்டதும் இரண்டாக விரிந்து, தடித்த உருளையாக இருந்தது மெல்லிய தகடாகிவிடுகிறது. தகடு உருளையைவிட விரைவாக வேகும். ஆகவே ஆழக் கீறிய இறாலுக்குச் சமையல் நேரத்தில் அரை நிமிடம் குறைத்துக்கொள்ள வேண்டும்; ஈர்க்குச்சியால் எடுத்த இறால் உருண்டையாகவே நிற்பதால் சமைப்பவருக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் தருகிறது. ஒரே சட்டியில் போடும் இறால்களில் பாதியை ஆழக் கீறியும் பாதியைக் கீறாமலும் விட்டால், ஒரு பாதி வேகும் நேரத்தில் மறு பாதி கெட்டிப்பட்டுவிடும் என்பதால், எந்த வழியை எடுத்தாலும் எல்லாவற்றுக்கும் அதையே பின்பற்றுவது நல்லது.

குடல் என்று தவறாக எண்ணப்படும் வேறு இரண்டு பொருள்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வயிற்றுப்புறத்தில் வெளிறிய நூல்போல் ஓடுவது உண்மையான நரம்பு. அதில் கழிவு எதுவும் இல்லை, எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. முதிர்ந்த பெண் இறாலில் குடலுக்கு மேலாக, முதுகு நெடுகப் பச்சை கலந்த அகன்ற பட்டை ஒன்று தெரிந்தால், அது சினை. வெந்தபின் செம்மஞ்சளாக மாறும், உண்ணத் தகுந்தது. இதைக் கெட்டுப்போன அடையாளம் என்று நினைத்துச் சுரண்டி எறிபவர்கள் ஏராளம்.

கழுவும் முறையில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். இறாலின் இனிப்பு, கிளைசின் முதலான அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. அமினோ அமிலம் என்பது புரதம் கட்டப்படும் அடிப்படைக் கல் போன்ற சிறு மூலக்கூறு, அது நீரில் எளிதாகக் கரையக்கூடியது. உரித்த இறாலைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் இனிப்பு நீருக்குள் இறங்கிவிடும், சதை நீரை ஏற்று ஊதிவிடும். குடலை எடுத்தபின் குளிர்ந்த நீரில் இரண்டு முறை விரைவாக அலசி, வடிதட்டில் போட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுப்பதே போதும். உப்பும் மஞ்சளும் பிசறிய பின்பு மறுபடி கழுவுவது தேவையற்றது.

ஒரு நிமிடம் கூடினால்

தசை நார் பலவகைப் புரதங்களால் ஆனது. அவற்றுள் மயோசின், ஆக்டின் என்ற இரண்டும் முக்கியமானவை. ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸை எட்டும்போது மயோசின் தன் இயல்பான மடிப்பை இழந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறது. ஒளி ஊடுருவும் சாம்பல் நிறச் சதை வெள்ளையாக மாறுவதும், குழகுழப்பு நீங்கிக் கடிபதம் வருவதும் இந்தக் கட்டத்தில்தான். வெப்பம் 65 டிகிரியைத் தாண்டி மேலே போகும்போது ஆக்டினும் உருமாறத் தொடங்குகிறது. நார்கள் குறுக்கிலும் நீளத்திலும் இறுகிச் சுருங்கி, தம்மிடையே பிடித்து வைத்திருந்த நீரை வெளியே பிழிந்துவிடுகின்றன. நீர் போன நார்கள் நெருங்கி ஒட்டிக்கொண்ட சதையைப் பல்லால் கடித்தால் அது அறுபடாமல் அழுந்தி மீள்கிறது. ரப்பர்போல் இருக்கிறது என்று சொல்லப்படுவது இந்த நிலை. உணவுப் பாதுகாப்புக்குப் பரிந்துரைக்கப்படும் உள்வெப்பம் 63 டிகிரி என்பதால், பாதுகாப்பாக வெந்த நிலைக்கும் இறுகத் தொடங்கும் நிலைக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறுகியது என்பது புலப்படும்.

கொதிக்கும் குழம்பின் வெப்பம் 100 டிகிரிக்கு அருகில் இருக்கும். உரித்த இறாலின் தடிமனோ விரலளவுதான். அதன் நடுப்பகுதி இரண்டு நிமிடத்தை ஒட்டி வெந்துவிடும். மூன்றாம் நிமிடத்தில் அதே நடுப்பகுதி, ஆக்டின் இறுகும் எல்லையைக் கடந்துவிடும். ஆட்டுக்கறித் துண்டுக்கு ஒரு நிமிடம் கூடுவது கணக்கில் வராது. இறாலுக்கு அது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கூடுதலாக வேகவைத்தால் இறுகியது மறுபடியும் மெதுவாகும் என்ற எண்ணம் ஆட்டிறைச்சியிலிருந்து வந்தது. ஆட்டுக்கறியில் நார்களைக் கட்டி வைத்திருக்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதம் நிறைய உண்டு; அது நீண்ட நேரம் வெந்தால் கரைந்து வழுவழுப்பான கூழாகி, இறுகிய நார்களையும் மெதுவாக உணரச் செய்கிறது. கணவாயும் ஒரு வகையில் அப்படித்தான்: ஓரிரு நிமிடத்தில் இறக்க வேண்டும், இல்லையேல் முக்கால் மணி நேரம் விட வேண்டும். இறால் தசையில் அவ்வாறு கரைந்து கைகொடுக்கும் அளவுக்குக் கொலாஜன் இல்லாததால், பத்து நிமிடம் வெந்த இறாலை இருபது நிமிடம் வேகவைப்பது அதை மேலும் வறட்சியாக்குமே தவிர மீட்காது.

வெந்ததை எப்படி அறிவது என்றால், நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. இறாலுக்குச் செம்மஞ்சள் தரும் அஸ்டாசாந்தின் என்ற நிறமி, பச்சையாக இருக்கும்போது ஒரு புரதத்தோடு பிணைந்து நீலச் சாம்பலாகத் தெரிகிறது. சூடு பட்டதும் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து சிவப்பு வெளிப்படுகிறது. இது மேற்பரப்பில் முதல் அரை நிமிடத்திலேயே நடந்துவிடும், உள்ளே சதை பச்சையாகவே இருக்கும். மசாலாவின் சிவப்பு அதையும் மறைத்துவிடும். நம்பகமான அடையாளம் தலைப்பக்கத்து முனையில் இருக்கிறது: அங்கேதான் சதை மிகத் தடிமன், ஆகவே கடைசியாக வேகும் இடமும் அதுவே. அந்த வெட்டு முகத்தின் நடுவில் கண்ணாடித்தன்மை நீங்கி, வெள்ளை வந்த கணமே இறக்க வேண்டிய கணம். வளைவும் ஓரளவு உதவும். வயிற்றுப்புறத் தசை வலுவானது, அதிகமாகச் சுருங்குவது என்பதால் இறால் உள்நோக்கி வளைகிறது. அரைவட்டமாக வளைந்தால் பதம், தலைமுனையும் வாலும் ஒன்றையொன்று தொட்டு முழு வட்டமாகச் சுருண்டால் பதம் தாண்டிவிட்டது.

அரை கிலோ இறாலில் ஒரு தொக்கு

தமிழ் வீடுகளில் இறால் இறுகிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பச்சை இறாலை வெங்காயம் தக்காளியோடு ஆரம்பத்திலேயே சேர்க்க, இறால் தண்ணீர் விடுகிறது. அந்தத் தண்ணீர் வற்றி எண்ணெய் பிரியும் வரை சட்டி அடுப்பில் இருக்கிறது. அப்படி விடப்படும் தண்ணீர் வேறு எங்கிருந்தும் வந்ததல்ல, தசையிலிருந்து பிழியப்பட்ட சாறுதான். மசாலா பதமாகும் நேரத்தில் இறால் பதினைந்து நிமிடம் வெந்திருக்கும். இதற்கு மாற்று, நீண்ட நேரம் வேக வேண்டியதையும் சில நிமிடமே வேக வேண்டியதையும் பிரித்துவிடுவது.

தலையோடு அரை கிலோ வாங்கினால் இருபது இறால் நிற்கும். சுத்தம் செய்தபின் கால் கிலோவோ சற்றுக் கூடுதலோ சதை தேறும். அதைத் துணியால் ஒற்றி, அரைத் தேக்கரண்டி உப்பும் சிறிது மஞ்சள்தூளும் பிசறி, கால் மணி நேரம் மூடி வைக்க வேண்டும். எலுமிச்சைச் சாறையோ புளியையோ இந்தக் கட்டத்தில் சேர்க்கக் கூடாது. புளிப்பு, அடுப்பில் வைப்பதற்கு முன்பே சதையின் மேற்புறத்தை இறுக்கிவிடும். இதற்கிடையே தலைகளையும் ஓடுகளையும் ஒரு கரண்டி எண்ணெயில் சிவக்க வதக்கி, இரண்டு தம்ளர் நீர் ஊற்றி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, மத்தால் நசுக்கி வடிகட்டினால், செம்மஞ்சளாக ஒரு சாறு கிடைக்கும். அடுத்து நல்லெண்ணெயில் சோம்பும் கறிவேப்பிலையும் தாளித்து, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கையளவும், இஞ்சி பூண்டு விழுதும், இரண்டு தக்காளியும், மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் வரிசையாகச் சேர்த்து வதக்கி, இந்தச் சாற்றை ஊற்றி, உப்புப் பார்த்து, சுண்டவிட வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, தொக்கு கரண்டியில் ஒட்டும் பதம் வரும் வரை, இறால் சட்டிக்குள் வரவே கூடாது.

அதன்பின் தீயைக் கூட்டி, இறாலை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பிப் போட்டு, ஒன்றரை நிமிடம் விட்டு, புரட்டி, இன்னொரு நிமிடம் விட்டால் போதும். தடித்த முனையில் பொட்டளவு கண்ணாடித்தன்மை மிஞ்சியிருக்கும்போதே அடுப்பை அணைத்து, தொக்கை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். இரும்புச் சட்டியிலேயே விட்டுவைத்தால், சட்டியின் சூட்டில் வேகுதல் தொடரும். சட்டி சிறியதாக இருந்தால் இறாலை இரண்டு தவணையாகப் போட வேண்டும். ஒரே நேரத்தில் அடைத்துப் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, இறால் வதங்குவதற்குப் பதிலாகத் தன் சாற்றிலேயே வேகத் தொடங்கும்.

மண்சட்டியில் வைக்கும் இறால் குழம்புக்கு இந்தக் கணக்கைச் சற்று மாற்ற வேண்டியிருக்கிறது. மண்சட்டி சூட்டை நெடுநேரம் பிடித்து வைப்பதால், அடுப்பை அணைத்தபின்னும் குழம்பு ஓரிரு நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும். புளியின் பச்சை வாடை போய், குழம்பு முழுதாகத் தயாரானபின் இறாலைச் சேர்த்தால் கொதி அடங்கும். அது மீண்டும் முதல் குமிழி விட்டு எழுந்தவுடன் அடுப்பை அணைத்து, மூடி, மூன்று நிமிடம் விட்டால், சட்டியின் சூடே மீதியை முடித்துவிடும்.

குளிரூட்டியில் உறைந்த இறாலாக இருந்தால், உறைந்தபடியே சட்டியில் போடக் கூடாது. வெளிப்புறம் இறுகிய பின்பும் நடுவில் பனி இருக்கும். முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றியோ, உறையோடு குளிர்ந்த நீரில் போட்டோ இளகவைத்து, வடியும் நீரை ஒற்றி எடுத்தபின் சமைக்க வேண்டும். மிஞ்சிய குழம்பை மறுநாள் சூடாக்கும்போதும் நேரக் கணக்கு பொருந்தும்: இறாலைக் கரண்டியால் தனியே எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, இறாலைத் திரும்பச் சேர்த்து, அது ஆவி பறக்கச் சூடேறும் வரை மூடி வைத்துப் பரிமாற வேண்டும்.